முட்டை இல்லாத வெனிலா கேக்: தயிரா, வாழைப்பழமா, ஆளி விதையா?

எங்கள் வீட்டில் இரண்டு பேர் புரட்டாசியில் பிறந்தவர்கள். அந்த மாதம் முழுக்க முட்டை எங்கள் அடுப்படிப் பக்கமே வராது. ஆனால் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டும், அதுவும் வெனிலா கேக்தான் வேண்டும். முதல் வருடம் நான் செய்தது எல்லாரும் செய்யும் தவறுதான். வழக்கமான செய்முறையிலிருந்து இரண்டு முட்டையை எடுத்துவிட்டு, மாவு கெட்டியாக இருக்கிறதே என்று கொஞ்சம் பாலைக் கூட்டி ஊற்றினேன். கேக் பாதி உயரம்தான் வந்தது. கத்தி பட்டதும் புட்டு மாதிரி உதிர்ந்தது, அடியில் மட்டும் களி மாதிரி ஒட்டியது.

முட்டையின் இடத்தில் எதை வைப்பது என்று கேட்டால் தயிர், வாழைப்பழம், ஆளி விதை என்று மூன்று பெயரைச் சொல்லிவிடுவார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பதிலாகப் போடக்கூடியவை என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றும் முட்டை செய்யும் வேலையில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை நாம் வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும்.

முட்டையை எடுத்தால் என்ன போகிறது

ஓடு நீக்கிய ஒரு முட்டை ஏறக்குறைய 50 கிராம். அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மீதியில் ஆறு கிராம் போலப் புரதம், ஐந்து கிராம் போலக் கொழுப்பு. தண்ணீர் மாவை நனைக்கிறது, மஞ்சள் கரு எண்ணெயும் பாலும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கிறது. இந்த இரண்டு வேலைக்கும் ஆள் கிடைத்துவிடும். கிடைக்காதது மூன்றாவது வேலைக்கு. முட்டையின் புரதம் 60 டிகிரியைத் தாண்டியதும் இறுக ஆரம்பித்து 80 டிகிரிக்குள் கெட்டியாகிவிடும். அவித்த முட்டையில் பார்க்கிறோமே, அதேதான். கேக் உப்பிக்கொண்டிருக்கும்போதே இந்தப் புரதம் சுவர் எழுப்பி, குமிழிகளை அப்படியே நிறுத்திவிடுகிறது.

தயிரோ, பழமோ, விதையோ இப்படி இறுகாது. அப்போது கேக்கைத் தாங்குவது மைதாவின் பசைத்தன்மையும் வெந்த மாவுச்சத்தும் மட்டும்தான். முட்டை இல்லாத கேக் வேக ஐந்து முதல் பத்து நிமிடம் கூட ஆவதும், சூடாக இருக்கும்போது வெட்டினால் உதிர்வதும், ஓவனைப் பாதியில் திறந்தால் நடுவில் அமுங்குவதும் இதனால்தான்.

முட்டையை நுரைக்க அடித்து, அந்தக் காற்றை மட்டும் நம்பி எழும்பும் ஸ்பாஞ்ச் கேக்கில் இந்த மாற்றம் நடக்காது. நான்கைந்து முட்டை கேட்கும் செய்முறைகளையும் விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு முட்டையும் பேக்கிங் பவுடரும் உள்ள எளிய எண்ணெய்க் கேக்தான் புதியவர்களுக்குச் சரி. பேக்கரிகளில் கிடைக்கும் முட்டையில்லாக் கேக் பலவற்றில் கன்டென்ஸ்டு மில்க் இருக்கும். அது வேறு வழி, இங்கே அதற்குள் போகவில்லை.

அடிப்படைக் கேக்

ஆறு அங்குல வட்ட டின்னுக்கு (15 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம்) இது அளவு:

- மைதா 150 கிராம்
- பொடித்த சர்க்கரை 125 கிராம்
- மணமில்லாத எண்ணெய் 75 மி.லி. (5 மேசைக்கரண்டி)
- பால் 60 மி.லி. (4 மேசைக்கரண்டி)
- முட்டை 2
- பேக்கிங் பவுடர் 1¼ தேக்கரண்டி
- வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி
- உப்பு ஒரு சிட்டிகை

மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி., தேக்கரண்டி என்றால் 5 மி.லி. பிடிக்கும் அளவுக்கரண்டி. டீ கலக்கும் கரண்டி வீட்டுக்கு வீடு மாறும், அதை வைத்துச் சோடாவை அளக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலில் முட்டையின் வரியைத்தான் இனி மாற்றப் போகிறோம். அதோடு சேர்ந்து இன்னும் ஓரிரு வரிகளும் மாறும்.

தயிர்: முதலில் இதைச் செய்யுங்கள்

ஒரு முட்டைக்கு 60 கிராம் தயிர், அதாவது கால் கப். இரண்டு முட்டைக்கு 120 கிராம். பேக்கிங் பவுடரை 1 தேக்கரண்டியாகக் குறைத்து, கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவைச் சேர்க்க வேண்டும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் வாயு கிளம்பும். முட்டை இல்லாததால் குறைந்த உப்பலில் ஒரு பகுதி இப்படித் திரும்பக் கிடைக்கிறது. கால் தேக்கரண்டிக்கு மேல் சோடா போனால், அதைத் தீர்க்க 120 கிராம் தயிரில் புளிப்பு போதாது. மிச்சச் சோடா கேக்கில் அப்படியே தங்கி, நாக்கில் சோப்பு போலக் கசக்கும். நன்றாக உப்பட்டும் என்று இன்னொரு சிட்டிகை போடும் கை எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. இங்கே அதை அடக்கிக்கொள்ள வேண்டும்.

எந்தத் தயிர் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கட்டியாக விழ வேண்டும். வீட்டில் உறையூற்றிய தயிர் தண்ணீர் விட்டிருந்தால், மெல்லிய துணியில் 15 நிமிடம் வடிகட்டி, பிறகு எடை போடுங்கள். இரண்டு மூன்று நாள் புளித்த தயிர் மோர்க்குழம்புக்கு ஆகும், வெனிலாவுக்கு ஆகாது. அந்தப் புளிப்பு வாசம் வெந்த பிறகும் நிற்கும். காலையில் உறைந்த தயிரை மாலையில் எடுப்பது சரியாக இருக்கும். ஃபிரிட்ஜில் இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். சில்லென்ற தயிரில் எண்ணெய் கலக்காமல் திரிதிரியாக நிற்கும்.

இனி செய்முறை. ஓவனை 170 டிகிரியில் வைத்து 15 நிமிடம் சூடாக்குங்கள். டின்னின் அடியில் பட்டர் பேப்பர் போட்டு, ஓரங்களில் எண்ணெய் தடவி வைத்துவிடுங்கள். இது முதலில் முடிய வேண்டும், ஏனென்றால் மாவு கலந்த பிறகு அது நமக்காகக் காத்திருக்காது.

மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சலிக்காவிட்டால் சோடா கட்டி நின்று, வெட்டிய துண்டில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைக் கடித்தால் கசப்பு. வேறொரு பாத்திரத்தில் தயிரையும் சர்க்கரையையும் விஸ்க்கால் இரண்டு நிமிடம் கலக்கி, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடியுங்கள். மேலே எண்ணெய் மிதக்காமல், மோர் போல ஒரே நிறமாக வர வேண்டும். மஞ்சள் கரு செய்துகொண்டிருந்த வேலையை இப்போது நம் கை செய்கிறது. பிறகு பால், எசென்ஸ்.

சலித்த மாவை இரண்டு தடவையாகப் போட்டு, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். சின்னச் சின்னக் கட்டி இரண்டு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தொடர்ந்து கலக்கினால் மைதாவின் பசை இறுகி, கேக் ரப்பர் போல இழுக்கும், உள்ளே நீளநீளமாகப் பொந்துகளும் விழும். கலவை இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்ந்து, கரண்டியிலிருந்து பட்டையாக விழுந்தால் சரி. அதைவிடக் கெட்டியாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி பால் விடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சோடா தயிரைத் தொட்ட உடனே வேலையைத் தொடங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குள் டின் ஓவனுக்குள் போய்விட வேண்டும். 35ஆவது நிமிடம் வரை கதவைத் திறக்காதீர்கள். எனக்கு இந்த அளவு 38 முதல் 42 நிமிடத்தில் வேகிறது.

ஓவன் இல்லாதவர்கள் பழைய குக்கரின் அடியில் ஒரு அங்குலம் உப்போ மணலோ பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, காஸ்கெட்டும் விசிலும் கழற்றிய மூடியால் மூடி, பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்குங்கள். பிறகு டின்னை வைத்துச் சிறு தீயில் 45 நிமிடம் போல விடலாம். தண்ணீர் விடக் கூடாது. மேல்பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து வேகவில்லை என்று நினைத்து இன்னும் காய விடாதீர்கள்.

தயிர்க் கேக்கின் உள்பக்கம் எப்படி இருக்கும்? மூன்றில் முட்டைக் கேக்குக்கு மிக நெருக்கமானது இதுதான். துளைகள் சிறியதாக, நெருக்கமாக இருக்கும். ஈரப்பதமும் மென்மையும் முட்டைக் கேக்கைவிடக் கூடவே இருக்கும், ஏனென்றால் தயிரின் புளிப்பு மைதாவின் பசையைக் கொஞ்சம் தளர்த்துகிறது. அந்தத் தளர்ச்சிதான் இதன் பலவீனமும். விரலால் அமுக்கினால் திரும்ப எழும், ஆனால் ஸ்பிரிங் போலத் துள்ளாது. மெல்லிய துண்டாக வெட்டினால் முனை உடையும். மூன்றடுக்கு வைத்து கிரீம் பூசும் கேக்குக்குத் தயிர் மட்டும் போதாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆளி விதை: பிடிப்பு உண்டு, உப்பல் இல்லை

ஃப்ளாக்ஸ் சீட் என்று சூப்பர் மார்க்கெட்டில் விற்பதும், நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்று தருவதும் ஒன்றுதான். ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி பொடி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர். கலந்து 10 முதல் 15 நிமிடம் வைத்தால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு வரும். கரண்டியைத் தூக்கினால் நூல் போல இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் பொடி கரகரப்பாக இருக்கிறது, இன்னும் நைசாக அரைக்க வேண்டும். முழு விதையை ஊறவைத்தாலும் மேல்தோலின் பசை வரும், ஆனால் கேக்கில் விதை விதையாகப் பல்லில் படும்.

மிக்ஸியில் அரைக்கும்போது நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். இது எண்ணெய் வித்து, ஓடிக்கொண்டே இருந்தால் சூடேறிப் பிளேடில் அப்பிக்கொள்ளும். அரைத்த பொடி வெளியில் இருந்தால் சிக்கு வாடை வந்துவிடும். வேண்டிய அளவு மட்டும் அரைத்து, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இரண்டு முட்டைக்கும் ஆளி விதையே போட்டால் கேக் வெட்டும்போது உதிராது. துண்டு முழுசாக வரும். ஆனால் உயரம் குறையும், கடித்தால் சற்றே சவ்வுத்தன்மை இருக்கும், வெள்ளைக் கேக்கில் பழுப்புப் பொட்டுகள் தூவியது போலத் தெரியும். மெல்லிய எள் வாசம் ஒன்று பின்னாலேயே வரும். சாக்லேட் கேக்கில் இதெல்லாம் மறைந்துவிடும், வெனிலாவில் மறையாது. இதில் புளிப்பும் கிடையாது. அதனால் பாலில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு ஐந்து நிமிடம் திரிய வைத்து, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சோடா கால் தேக்கரண்டி என்று போட வேண்டும். பொடியைக் கூட்டினால் பிடிப்பும் கூடும் என்று மூன்று மேசைக்கரண்டி போட்டுப் பார்த்தேன். நடுப்பகுதி அல்வா போல நின்றது, எத்தனை நேரம் வைத்தும் காயவில்லை.

வாழைப்பழம்: கேக் வரும், வெனிலா போய்விடும்

இனிப்புப் பணியார மாவில் வாழைப்பழம் பிசைந்து விடும் வழக்கம் நமக்கு உண்டு. மென்மையும் இனிப்பும் வரும் என்று பாட்டிகளுக்குத் தெரியும். அதே பழம் கேக்கிலும் அதைத்தான் செய்யும். ஒரு முட்டைக்கு 60 கிராம் மசித்த பழம். இரண்டு முட்டைக்கு 120 கிராம்.

வெனிலா கேக்குக்குப் பச்சைப்பழம் எனப்படும் மோரிஸ் பரவாயில்லை, வாசம் குறைவு. பூவனில் புளிப்பும் வாசமும் தூக்கலாக இருக்கும், ரஸ்தாளியின் மணம் எசென்ஸை மூடிவிடும். தோலில் கரும்புள்ளி விழுந்த அளவுக்குப் பழுத்திருக்க வேண்டும். காய்வெட்டாக இருந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்காது, மசித்தாலும் கட்டி நிற்கும். அதேசமயம் முழுக்கக் கறுத்து நீர் விட்ட பழமும் வேண்டாம். முள்கரண்டியால் மசித்துச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். கட்டி இருந்த இடமெல்லாம் கேக்கில் ஈரத் திட்டாகிவிடும்.

பழத்தின் இனிப்புக்காகச் சர்க்கரையை 100 கிராமாகக் குறையுங்கள். பாலில் வினிகரும், பேக்கிங் பவுடர், சோடா அளவும் ஆளி விதைக்குச் சொன்னது போலவே. பழத்தில் இருக்கும் சர்க்கரை சீக்கிரம் நிறம் பிடிக்கும். 25 நிமிடத்தில் மேல்பக்கம் பொன்னிறம் தாண்டும், உள்ளே பச்சையாகவே இருக்கும். ஆகவே ஓவனை 160 டிகிரியில் வைத்து 45 நிமிடம் வரை விடுங்கள்.

வருவது கனமான, ஈரமான, நெருக்கமான கேக். மறுநாள் இன்னும் ஈரமாகும், வாசமும் கூடும். டீயுடன் சாப்பிட நன்றாக இருக்கும். ஆனால் கண்ணை மூடிச் சாப்பிடும் யாரும் அதை வெனிலா கேக் என்று சொல்ல மாட்டார்கள். நான் பிறந்தநாளுக்குச் செய்த வருடம், "பனானா கேக் நல்லாருக்கும்மா, வெனிலா எப்ப செய்வே?" என்று கேட்டாள் என் மகள். எசென்ஸை இரட்டிப்பாக்கினாலும் இது தீராது, செயற்கை வாசம்தான் தூக்கும்.

நான் இப்போது செய்வது

தயிர் மென்மை தருகிறது, பிடிப்பு தரவில்லை. ஆளி விதை பிடிப்பு தருகிறது, உப்பல் தரவில்லை. இரண்டு முட்டையில் ஒன்றுக்குத் தயிரும் மற்றொன்றுக்கு ஆளி விதையும் வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தாங்கிக்கொள்கிறது. மேலே சொன்ன அடிப்படைக் கேக்கில் முட்டைக்குப் பதில் தயிர் 60 கிராம், ஆளி விதைப் பொடி ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர். பாலில் அரைத் தேக்கரண்டி வினிகர். பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சோடா கால் தேக்கரண்டி. மற்றவை மாறாது. ஊறிய ஆளி விதையைத் தயிரோடு சேர்த்து அடித்துவிடுங்கள், பிறகு எண்ணெய்.

170 டிகிரியில் 40 நிமிடம். பொட்டுகள் பாதியாகக் குறைகின்றன, எள் வாசம் தெரிவதில்லை. குறுக்கே இரண்டாக அறுத்து நடுவில் கிரீம் வைத்தேன், மேல் அடுக்கைத் தூக்கும்போது உடையவில்லை. கிரீம் கேக் செய்ய நினைப்பவர்களுக்கு இந்தக் கலவையைத்தான் சொல்வேன்.

வெந்ததா என்று பார்ப்பது, கெட்டால் கண்டுபிடிப்பது

ஈர்க்குச்சி குத்திப் பார்ப்பது முட்டைக் கேக்குக்குப் போதும், இதற்கு அது மட்டும் போதாது. ஆளி விதையின் பசையும் பழத்தின் ஈரமும் வெந்த பிறகும் குச்சியில் லேசாக ஒட்டும். ஒட்டியது பொடிப்பொடியாக இருந்தால் வெந்துவிட்டது, பசை போல வழுக்கினால் இன்னும் வேண்டும். அதோடு ஓரம் டின்னைவிட்டு நூலளவு விலகியிருக்க வேண்டும், நடுவில் விரல் வைத்தால் பள்ளம் நிற்காமல் எழ வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் எடுங்கள்.

உப்பி வந்து பிறகு நடுவில் அமுங்கினால் சோடா அதிகம் அல்லது கதவைச் சீக்கிரம் திறந்திருக்கிறீர்கள். வெட்டிய துண்டின் அடியில் ஒரு விரல் தடிப்புக்குக் கண்ணாடி போன்ற ஈரக் கோடு இருந்தால் தண்ணீர் கூடிவிட்டது. பெரும்பாலும் நீர்த்த தயிர்தான் காரணம், அல்லது கலந்த மாவு வெளியே காத்திருந்திருக்கும். மேலே கூம்பாக எழும்பி வெடித்தால் ஓவன் சூடு அதிகம், பத்து டிகிரி குறையுங்கள்.

வெந்ததும் டின்னிலேயே பத்து நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து, குறைந்தது இரண்டு மணி நேரம் ஆற விடுங்கள். கேக்கைத் தாங்கும் மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகும். வாசத்துக்கு ஆசைப்பட்டுச் சூட்டில் வெட்டினால் நன்றாக வந்த கேக்கும் உதிரும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் தயிர்க் கேக்கும் கலவைக் கேக்கும் வெளியில் இரண்டு நாள் தாங்கும், சித்திரை வெயிலில் ஒரு நாள்தான். வாழைப்பழக் கேக்கை மறுநாளே முடித்துவிடுங்கள் அல்லது ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த எந்தக் கேக்கும் கொஞ்சம் விறைக்கும், சாப்பிட அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் பழைய மென்மைக்குத் திரும்பும்.